"இது என்ன?"ன்னு மட்டும் ஒரு போட்டோ வந்தா

அண்ணா, எனக்கு பாம்பு பத்தி கொஞ்சம் தெரியும்னு ஊர்ல பரவிடுச்சு, வாரத்துக்கு நாலு போட்டோ வருது, கூட "இது என்ன?"ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். நேத்து நைட்டு பதினொரு மணிக்கு ஒருத்தர் அனுப்புனார், கறுப்பு உடம்பு, வெள்ளை பட்டை, வீட்டுக்குள்ள தரையில. நான் "வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லை"ன்னு போட்டேன். அதுக்கப்புறம் அவர்கிட்ட இருந்து பதிலே இல்ல. பேர் சொன்னா போதும்தானே, இல்ல அந்த கேள்விக்கு வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?
– ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள தம்பி,

நைட்டு பதினொரு மணிக்கு வீட்டுக்குள்ள நின்னுகிட்டு ஒருத்தர் பாம்போட பேர் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்பட மாட்டார். அவருக்குள்ள ஓடுறது வேற, இது கடிச்சா சாவாங்களா, இதை நான் இப்போ என்ன பண்ணணும், சில சமயம் இதுதான் கடிச்சுதா. கை நடுங்குறவங்களுக்கு அவ்வளவையும் டைப் பண்ண வராது, ரெண்டு வார்த்தைதான் வரும். சோம்பேறித்தனம்னு நெனச்சு "விவரமா எழுதுங்க"ன்னு சில பேர் அதட்டுறாங்க, அது தப்பு. எழுதாம விட்ட விவரத்துல பாதி அந்த போட்டோவுலயே இருக்கும்.

அதனால பாம்பை கடைசியா பாருங்க, முதல்ல அதை சுத்தி இருக்கிறதை பாருங்க. எனக்கு ஒரு தடவை விடியக்காலைல அஞ்சரைக்கு ஒரு போட்டோ வந்துச்சு, தெரிஞ்சவர் ஒருத்தர் அனுப்புனது. சிமெண்ட் தரை, செவுத்து ஓரமா சுருண்டு கெடக்குற பாம்பு, பளபளன்னு கருநீலம், மெல்லிசா ஜோடி ஜோடியா வெள்ளைக் கோடு. கட்டுவிரியன்னு ஒரு செகண்ட்ல தெரிஞ்சுது. டைப் பண்ணப் போனப்போதான் போட்டோவோட இடது மூலைல கோரைப்பாயோட ஓரம் தெரிஞ்சுது, அதுக்கு பக்கத்துல ஒரு தலகாணி நுனி. அந்த வீட்ல தரைல படுத்திருக்காங்க, பாம்பு ராத்திரி பூரா அங்க இருந்திருக்கு. பேரை எழுதாம நேரா போன் போட்டேன், "அந்த பாய்ல யார் படுத்திருந்தது, அவங்க எழுந்துட்டாங்களா"ன்னு கேட்டேன். "சின்னவன்தான் சார், நாலு மணில இருந்து வயித்த வலிக்குதுங்குறான், ராத்திரி பரோட்டா ஒத்துக்கல போல, ஒரு தடவை வாந்தி கூட எடுத்தான்"னார்.

கட்டுவிரியன் கடி இப்படித்தான் ஏமாத்தும். ராத்திரி தூக்கத்துல கடிக்கும், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், இல்ல அதுவும் தெரியாது. வீக்கம் இருக்காது, பல் தடம் கண்ணுல படாமலே போகலாம். சில மணி நேரம் கழிச்சு வயித்துவலி, வாந்தி, அப்புறம் கண் இமை தானா கீழ இறங்கும், பேச்சு குழறும், எச்சில் முழுங்க முடியாது, கடைசில மூச்சு விடுற தசையே நின்னுடும். அந்த பையனை கண்ணை அகலமா திறந்து மேல பாக்க சொல்லுங்கன்னேன், இமை பாதிக்கு மேல ஏறலன்னாங்க. உடனே 108, நேரா வென்டிலேட்டர் இருக்கிற பெரியாஸ்பத்திரி. அங்க விஷமுறிவு மருந்து ஏத்துனாங்க, அப்படியும் நாலு நாள் வென்டிலேட்டர்ல இருந்தான், பொழச்சுகிட்டான். ஏன் அவ்வளவு நாள்னா இந்த விஷம் நரம்போட முனையையே கெடுத்துடும், அந்த முனை திரும்ப முளைக்கிற வரைக்கும் மெஷின்தான் மூச்சு குடுக்கணும், மருந்து இன்னும் பரவுற விஷத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே கெட்டுப்போனதை சரி பண்ணாது. அதனாலதான் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம் முன்னாடி போறது கூட பெருசு. அன்னிக்கு நான் "கட்டுவிரியன், கடும் விஷம், கிட்ட போகாதீங்க"ன்னு மட்டும் எழுதியிருந்தா நூத்துக்கு நூறு சரியான பதில், பையன் பரோட்டாவால வயித்துவலின்னே வீட்ல படுத்திருப்பான்.

அதுல இருந்து என்னோட முதல் பதில் பேர் இல்ல, "யாரையாவது கடிச்சுதா? யாராவது தரைல படுத்திருந்தாங்களா?"ங்குற கேள்விதான். கடிச்சிருக்கு, இல்ல சந்தேகம் இருக்குன்னா, பேர் கண்டுபிடிக்கிற வேலையே வேணாம். நம்ம ஆஸ்பத்திரில குடுக்குற மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலுக்கும் சேர்த்து செஞ்ச ஒரே மருந்து, எந்த பாம்புன்னு தெரியலன்னாலும் டாக்டர் அறிகுறிய பாத்தே முடிவு பண்ணுவார். அதனால பாம்பை அடிச்சு பையில போட்டு எடுத்துட்டு வர வேண்டியதே இல்ல. செத்த பாம்போட தலை கூட கொஞ்ச நேரத்துக்கு கடிக்கும்.

இப்போ நீங்க சொன்ன பதிலுக்கு வரேன். வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும் குழம்புறது புதுசில்ல, பழகுனவங்களே குழம்புவாங்க. பட்டை எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். வரையனுக்கு கழுத்துக்கிட்டயே பட்டை அகலமா தெளிவா இருக்கும், வாலுக்கு போகப்போக மங்கி காணாம போயிடும். கட்டுவிரியனுக்கு நேர் எதிர், தலைக்கு பின்னாடி கொஞ்ச தூரத்துக்கு வெறும் கறுப்பு இல்ல வெறும் புள்ளி, பின்பாதிலதான் கோடு நெருக்கமா, ஜோடியா வரும். முதுகு நடுவுல ஓடுற செதில் வரிசை மத்ததை விட பெருசா, அறுகோணமா இருக்கும், போட்டோ நல்லா இருந்தா பெருசாக்கி பாத்தா தெரியும். சுவர்ல, ஜன்னல் கம்பில ஏறிகிட்டு இருந்தா பெரும்பாலும் வரையன்தான், ஆனா உங்க போட்டோ தரைன்னு எழுதியிருக்கீங்க, அப்போ அந்த துப்பு உங்களுக்கு உதவாது. இன்னொண்ணு, வாட்ஸப்ல வர்ற படம் சுருங்கித்தான் வரும், அதுல நைட்டு ஃப்ளாஷ் பட்டு செதில் மின்னினா அதுவே வெள்ளைக் கோடு மாதிரி தெரியும். தலையும் வாலும் ரெண்டும் தெளிவா தெரியாத போட்டோவுக்கு "விஷமில்லை"ங்குற வார்த்தைய எழுதவே எழுதாதீங்க. விஷமில்லாததை விஷம்னு சொல்லி தப்பானா ஒரு குடும்பம் ஒரு மணி நேரம் பயந்துட்டு இருக்கும், அதை நாளைக்கு சரி பண்ணிக்கலாம், மாத்தி சொல்லிட்டா சரி பண்ண முடியாது. "விஷமில்லை"ன்னு நம்பி கையால தூக்கி வெளிய போடுற ஆளுங்க இருக்காங்க.

தெளிவா இல்லன்னா "கிட்ட போயி இன்னொண்ணு எடுங்க"ன்னும் சொல்லிடாதீங்க. நீங்க சொன்னா அவர் போவார், உங்களை நம்பித்தான் அனுப்பியிருக்கார். "வேற எடுத்தது இருந்தா அனுப்புங்க, நீங்க நின்ன இடத்துலயே நில்லுங்க"ன்னு சொல்லுங்க. குழந்தைங்களை வெளிய கூட்டிட்டு போகச் சொல்லி, பாம்பு இருக்கிற ரூம் கதவை மூடி கீழ இடுக்குல துணி அடைக்க சொல்லி, தீயணைப்புக்கு 101 அடிக்க சொல்லணும், நம்ம ஊர்ல பாம்பு பிடிக்க அவங்க வருவாங்க.

பகல்ல வர்ற போட்டோ வேற மாதிரி. பாம்பு செத்து கெடக்கும், பக்கத்துல கம்பு இருக்கும், நாலு பேரோட கால் தெரியும். அங்க "இது என்ன"ன்னா அடிச்சது தப்பில்லன்னு யாராவது சொல்லணும்ங்குறதுதான். அது சாரையா இருந்தா சாரைன்னு சொல்லுங்க, எலி தின்னுட்டு இருந்ததுன்னும் சொல்லுங்க, திட்டாதீங்க. திட்டுனா அடுத்த தடவை அனுப்ப மாட்டாங்க, அந்த அடுத்த தடவை பாய் ஓரம் தெரியுற போட்டோவா இருக்கலாம்.

உங்க தென்காசிக்காரர் பதில் போடலன்னு எழுதியிருக்கீங்க. இதை படிச்சு முடிச்ச உடனே அவருக்கு போன் போடுங்க, மெசேஜ் வேணாம். வீட்ல எத்தனை பேர் தரைல படுத்தாங்க, காலைல எல்லாரும் சாதாரணமா எழுந்தாங்களா, யாருக்காவது வயித்துவலி, கண்ணு சொக்குறது இருக்கான்னு கேளுங்க. அப்புறம் அந்த பாம்பு எங்க போச்சுன்னு கேளுங்க, ஏன்னா உங்க பதிலுக்கு அப்புறம் அவங்க அதை தேடாமலே படுத்திருக்கலாம்.