ஜெர்மனி வேலைக்குக் கிளம்ப எவ்வளவு பணம் வேண்டும்? முதல் சம்பளத் தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள்

கேள்வி: எனக்குச் சேலம், சூரமங்கலம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு நாலு வருஷமாக டிசைன் வேலையில் இருக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் ஆண்டுக்கு 52,000 யூரோ சம்பளத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, மார்ச் முதல் தேதி சேரணும். கம்பெனி விமான டிக்கெட் காசு மட்டும் தரும், அதுவும் பில் காட்டினால் பிறகு. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கன்சல்டன்ட் விசாவுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் கேட்கிறார். அங்கே போன நண்பன் மொத்தமே 3 லட்சம் போதும் என்கிறான். அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கிளம்பணும். உண்மையில் எவ்வளவு வேணும்?

பதில்: சுமார் 6 லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒன்றரை லட்சம், எடுக்க வேண்டிய அவசியம் வந்தால் எடுக்கும் நிலையில் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இதில் சுமார் 3 லட்சம் உங்களுக்கே திரும்பி வரும் பணம், ஆனால் உடனே வராது. சிக்கலே அங்கேதான். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, முதல் மாதம் எங்கே தங்கினார் என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும்.

முதலில் இங்கே செலவாகிற பணத்தை முடித்துவிடுவோம், இது சின்னத் தொகை. கணக்குக்காக 1 யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் கிளம்பும்போது உங்கள் வங்கி விற்கும் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் நீண்டகால விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ, அதாவது 8,000 ரூபாய்க்குள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், கூரியர், சென்னைக்குப் போய் வருகிற செலவு எல்லாம் சேர்த்து 15,000 வைத்தால் தாராளம். ஒன்றரை லட்சத்துக்கு அந்தக் கன்சல்டன்ட் செய்யப்போவது, ஆன்லைனில் நீங்களே நிரப்பக்கூடிய படிவத்தை நிரப்புவதுதான். வேலை ஒப்பந்தம் கையில் இருக்கிறவருக்கு, மாணவர்கள் பணம் போட்டு முடக்கி வைப்பார்களே, அந்த பிளாக்டு அக்கவுன்ட்டும் தேவையில்லை. யாராவது அதைச் சொல்லிப் பயமுறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு செலவு மட்டும் உங்கள் பட்டத்தைப் பொறுத்தது. anabin என்ற ஜெர்மன் தளத்தில் உங்களுக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். கல்லூரி பெயரில் தேடிவிட்டுக் காணோம் என்று பதறுகிறவர்கள்தான் அதிகம். பல்கலைக்கழகத்துக்கு H+, அதாவது அங்கீகாரம் உண்டு என்று இருந்து, உங்கள் பட்டமும் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைத்தால் போதும். இல்லையென்றால் பட்டத்தை ஒப்பிட்டுத் தரும் சான்று வாங்கணும், 208 யூரோ, சுமார் 22,000 ரூபாய். அதற்குப் பணத்தைவிட நாள்தான் அதிகம் பிடிக்கும், ஆகவே இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

விமானத்துக்கு ஒருவழி டிக்கெட், கூடுதல் பெட்டி சேர்த்து 45,000 வையுங்கள். விசா கைக்கு வருவதற்கு முன்னால் எடுப்பதாக இருந்தால் தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாக எடுங்கள், மலிவு டிக்கெட்டில் தேதி மாற்றப் போனால் சில சமயம் புது டிக்கெட் விலையே ஆகிவிடும். சேலத்திலிருந்து சென்னையைவிடப் பெங்களூரு கிட்டம், அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானமும் இருக்கிறது. ஆனால் விமான நிலையம் ஊரைத் தாண்டித் தேவனஹள்ளியில், பெங்களூரு நெரிசலைக் கடந்துதான் போகணும், காருக்கு 6,000 ஒதுக்குங்கள். வேலை தொடங்கும் நாள்வரை மருத்துவக் காப்பீட்டுக்கு 3,000. துணிமணிக்கு 10,000 போதும், ஏற்காட்டுக் குளிருக்கு வாங்குகிற ஸ்வெட்டர் அங்கே உள்சட்டைதான், நல்ல ஜாக்கெட்டை அங்கே போய் வாங்குங்கள். ஒப்பீட்டுச் சான்றையும் சேர்த்தால் இங்கே ஆகிற மொத்தச் செலவு 1 லட்சம் சுமார்.

இனி யூரோக் கணக்கு. ஜெர்மனியில் மாதச் சம்பளம் பெரும்பாலும் மாதக் கடைசியில் வரும். மார்ச் 1 சேர்ந்தால் மார்ச் 31 வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பல கம்பெனிகளில் சம்பளப் பட்டியலை மாத நடுவிலேயே மூடிவிடுவார்கள். அதற்குள் உங்கள் ஜெர்மன் வங்கிக் கணக்கு எண் அவர்களுக்குப் போய்ச் சேராவிட்டால் மார்ச் சம்பளமும் ஏப்ரல் கடைசியில்தான் சேர்ந்து வரும். அதாவது கையிருப்பில் ஓட்டவேண்டியது ஐந்து வாரமா, ஒன்பது வாரமா என்பதை இந்த ஒரு தேதி முடிவு செய்கிறது. எச்.ஆருக்கு இன்றைக்கே மெயில் போட்டுக் கேளுங்கள்: எந்தத் தேதிக்குள் விவரம் தந்தால் மார்ச் சம்பளம் மார்ச்சிலேயே வரும்? தவறினால் முன்பணம் தருவார்களா? டிக்கெட்டை அவர்களே எடுத்துத் தர முடியுமா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று வந்தால் உங்கள் கையிலிருந்து போகிற 45,000 அப்படியே மிச்சம்.

பதில் வரும்வரை மோசமான பக்கத்தையே எடுத்துக் கணக்குப் போடுவோம். பிப்ரவரி கடைசி வாரம் இறங்குகிறீர்கள். சொந்தமாக வீடு எடுக்க எப்படியும் ஒரு மாதமாகும், அதுவரை கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள ஒரு தற்காலிக அறை. ஸ்டுட்கார்ட் வாடகை அதிகமுள்ள ஊர், 900 யூரோ வாடகை, 500 அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, சிம், பயணம் எல்லாம் 500. தங்கும் உரிம அட்டைக்கு 100. மார்ச் மாதம் மொத்தம் 2,000 யூரோ.

இந்த அறையைத் தேடும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதியணும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு அறை கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும், சுற்றுலாப் பயணிக்கு விடுகிற அறைகளில் பலர் இதைத் தரமாட்டார்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது. வரி எண் இல்லாவிட்டால் கம்பெனி உங்களை அதிக வரி பிடிக்கிற வரி வகுப்பு 6-இல் போட்டுவிடக்கூடும். அப்படிப் போட்டால், உங்கள் சம்பளத்துக்கு மாதம் 2,750 யூரோ போலக் கைக்கு வரவேண்டியது, 400 யூரோவுக்கு மேல் குறைந்து வரும். பிறகு சரிசெய்து தந்துவிடுவார்கள்தான், ஆனால் காசு இறுக்கமாக இருக்கிற அந்த மாதத்தில் அது இல்லை. பல வங்கிகளும் கணக்குத் திறக்க இந்தப் பதிவைக் கேட்கும். எனவே பதிவுக்குப் படிவம் தருகிற அறைக்கு மாதம் 150 யூரோ கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.

ஏப்ரல் 1 சொந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருக்கும். கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை, வார்ம்மீட்டே என்பது ஹீட்டிங், தண்ணீர், பராமரிப்பு சேர்ந்தது. ஓர் அறை வீடு, வெறும் வாடகை 650, எல்லாம் சேர்த்து 830 என்று எடுத்துக்கொள்கிறேன். மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இந்த 830-க்குள் வராது. அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகைதான், 830-ஐ மூன்றால் பெருக்கிக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 650 மூன்று தடவை, 1,950. இன்னொன்று, இதை மூன்று சம மாதத் தவணைகளில் கட்டச் சட்டமே உரிமை தருகிறது, அவர்களுடைய சிவில் சட்டத்தின் 551-ஆவது பிரிவு. ஆனால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கிற வீட்டுக்கு முதல் பேச்சிலேயே சட்டப் பிரிவு பேசினால் சாவி அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஒப்பந்தம் உறுதியான பிறகு பணிவாகக் கேளுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் மொத்தமாகக் கட்டும் பணமும் இருக்கட்டும். நான் தனியாக வைக்கச் சொன்ன ஒன்றரை லட்சம் இதற்குத்தான், மீதி இரண்டு தவணை 1,300 யூரோ. தரகு பற்றிக் கவலை வேண்டாம், 2015 முதல் வாடகை வீட்டுக்குத் தரகரை அமர்த்தியவர்தான் அவருக்குக் கூலி தரவேண்டும், அது பெரும்பாலும் வீட்டுக்காரர்.

அங்கே வாடகை வீடு என்றால் பல இடங்களில் நாலு சுவர்தான், விளக்குகூடக் கழற்றிப் போயிருப்பார்கள். சமையலறை மேடையும் அடுப்பும் முன்பு குடியிருந்தவருடையதாக இருந்து, அவரிடம் விலைக்கு வாங்கவேண்டி வருவதும் உண்டு. இந்தத் தடவை சமையலறையோடு வருகிற வீடாகவே தேடுங்கள். கட்டில், மெத்தை, பாத்திரம் பழையதாக வாங்கினால் 600. ஆக ஏப்ரலில் வாடகை 830, முதல் தவணை 650, சாமான் 600, சாப்பாட்டுச் செலவு 500, கூட்டினால் 2,580. இரண்டு மாதமும் சேர்த்து 4,580 யூரோ, 4 லட்சத்து 81 ஆயிரம் ரூபாய். இங்கே ஆன 1 லட்சத்தோடு 5 லட்சத்து 81 ஆயிரம். மார்ச் சம்பளம் மார்ச்சிலேயே வந்துவிட்டால் யூரோக் கையிருப்பு 3,500 போதும், நாலு லட்சத்து எழுபதாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபாரெக்ஸ் கார்டைக் கடையில் தேய்க்கலாம், ஏ.டி.எம்மில் எடுக்கலாம், ஆனால் அதிலிருந்து வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப முடியாது, அவர்கள் வாங்குவதோ வங்கி வழியாகத்தான். எனவே கார்டில் 2,000 யூரோ, ரொக்கமாக ஒரு 300, மீதி இங்கே உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். உங்கள் வங்கி அனுமதித்தால், அங்கே கணக்குத் திறந்ததும் அதற்கு அனுப்பிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன்பே கிளைக்குப் போய், வேலைக்காக வெளிநாடு போன பிறகும் இந்தக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப முடியுமா, அந்த வசதி நெட் பேங்கிங்கில் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், ஓ.டி.பி. வருகிற நம்பருக்கு ரோமிங்கும் இருக்கணும். நிதியாண்டுக்கு 10 லட்சத்துக்குள் அனுப்பினால் டி.சி.எஸ். என்று வங்கி முன்கூட்டியே எடுக்கிற வரிப் பிடித்தம் கிடையாது.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் வீட்டு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நகர நடுவில் அழகான வீடு, பாதி வாடகை, ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று மெயில் வந்தால் அது மோசடி. வீட்டை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ நேரில் பார்த்த பிறகுதான் பணம்.

நகை விஷயம். உங்களுக்குப் பணம் தேவைப்படுவது ஐந்தாறு மாதத்துக்கு, மூன்று வருட பர்சனல் லோனில் மாட்டிக்கொள்வதைவிட நகைக்கடன் சரிதான். ஆனால் ஒரே பொட்டலமாக 6 லட்சத்துக்கு வைக்காமல் இரண்டு மூன்று கடனாகப் பிரித்து வையுங்கள், டிக்கெட் காசும் தற்காலிக அறை அட்வான்ஸும் திரும்பினதும் ஒன்றை மீட்டுவிடலாம். வீட்டு அட்வான்ஸை மட்டும் அந்த வீட்டைக் காலி செய்து சில மாதம் கழித்துத்தான் பார்ப்பீர்கள், அந்தத் தொகையைச் சம்பளத்திலிருந்துதான் அடைக்கணும். கடன் உங்கள் பெயரில் வேண்டாம், அம்மா பெயரில் இருக்கட்டும், மீட்கவும் புதுப்பிக்கவும் கையெழுத்துப் போட யாரை வங்கி கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள், நீங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருப்பீர்கள்.