ஆபீஸ் வாடகைக்கு ஆர்சிஎம்: ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை என்றால் கணக்கு எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் சின்ன நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, ஆபீஸ் கட்டட ஓனருக்கு இல்லை. வாடகைக்கு நாங்களே ஆர்சிஎம்மில் வரி கட்ட வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் எலக்ட்ரீஷியன், கிளீனிங் ஆட்களுக்குக் கொடுப்பதற்கும் கட்டணுமா? கணக்கில் எப்படி எழுதுவது?

பதில்:

ஆர்சிஎம், அதாவது ரிவர்ஸ் சார்ஜ் என்பது, விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே அரசுக்கு வரி கட்டும் முறை. வாடகைக்குக் கட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கும் கிளீனிங் ஆட்களுக்கும் வேண்டாம்.

இந்தக் குழப்பம் 2017இல் இருந்தே வருகிறது. ஜிஎஸ்டி தொடங்கிய அந்த ஜூலையில், பதிவில்லாதவரிடம் எதை வாங்கினாலும், ஒரு நாளில் மொத்தம் 5,000 ரூபாயைத் தாண்டினால் வாங்கியவரே வரி கட்ட வேண்டும் என்று 9(4) பிரிவு இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 13இல் அதை நிறுத்தி வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் சட்டத்தையே மாற்றி, அரசு அறிவிக்கும் சில வகையினருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். அதில் வருபவர்கள் ரியல் எஸ்டேட் புரமோட்டர்கள். உங்களைப் போன்ற நிறுவனம் பார்க்க வேண்டியது 9(3) பிரிவின் பட்டியலை. அந்தப் பட்டியலில் இருக்கும் சேவைக்கு மட்டும்தான் ஆர்சிஎம். வக்கீல் ஃபீஸ், லாரி வாடகை, கம்பெனியாக இல்லாத செக்யூரிட்டி ஏஜென்சி எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனைகளும் உண்டு. பதிவில்லாதவர் பதிவுள்ளவருக்கு விடும் வணிகக் கட்டட வாடகை 2024 அக்டோபர் 10 முதல் அதில் சேர்ந்தது.

ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாடகை 25,000 ரூபாய், கட்டடம், ஓனர், நீங்கள் எல்லாம் ஒரே மாநிலம் என்று வைத்துக்கொள்வோம். வரி 18 சதவீதம், அதாவது சிஜிஎஸ்டி 2,250, எஸ்ஜிஎஸ்டி 2,250. ஓனருக்கு 25,000 அப்படியே போகும். 4,500ஐ நீங்கள் நேராக அரசுக்குக் கட்டுகிறீர்கள். ஓனர் தன் ரசீதில் ஜிஎஸ்டி என்று தனியாக எழுதி உங்களிடம் வசூலிக்கக் கூடாது. பதிவில்லாதவருக்கு அந்த உரிமையே இல்லை.

ஓனரால் வரி இன்வாய்ஸ் தர முடியாது என்பதால் அதை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குச் செல்ஃப் இன்வாய்ஸ் என்று பெயர். தனி வரிசை எண், ஓனரின் பெயர், முகவரி, சேவைக்கான குறியீட்டு எண்ணான SAC 997212, வாடகைத் தொகை, வரி, ரிவர்ஸ் சார்ஜ் என்ற குறிப்பு, இவை இருந்தால் போதும். 2024 நவம்பர் 1 முதல், சேவை பெற்ற 30 நாளுக்குள் இதை எழுதியாக வேண்டும். வாடகையைக் கொடுக்கும்போது பேமென்ட் வவுச்சர் ஒன்றும் போட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

எந்த மாதத்தில் வரி? பணம் கொடுத்த தேதி, செல்ஃப் இன்வாய்ஸ் தேதி, இரண்டில் எது முந்தியதோ அந்த மாதம். ஏப்ரல் வாடகையை மே 5இல் கொடுக்கிறீர்கள், இன்வாய்ஸை ஏப்ரல் 30 தேதியிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்றால், அது ஏப்ரல் வரி. மாதக் கடைசி தேதியில் இன்வாய்ஸ் போடுவதை வழக்கமாக்கினால் வாடகைச் செலவும் வரியும் ஒரே மாதத்தில் உட்காரும், பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். திருப்பிக் கிடைக்கும் அட்வான்ஸ் டெபாசிட்டுக்கு வரி இல்லை. ஆனால் அதை வாடகையில் கழித்துக்கொண்டால் கழித்த தொகைக்கு உண்டு.

இப்போது பதிவுகள். முதலில் வாடகைச் செலவு 25,000 பற்று, ஓனர் கணக்கு 25,000 வரவு. இரண்டாவது, வரிக்கு மட்டும்: ஆர்சிஎம் உள்ளீட்டு வரி என்று சிஜிஎஸ்டிக்கும் எஸ்ஜிஎஸ்டிக்கும் தலா 2,250 பற்று, ஆர்சிஎம் செலுத்த வேண்டிய வரி என்று தலா 2,250 வரவு. மூன்றாவது, ரிட்டர்ன் தாக்கல் செய்து கட்டும்போது, செலுத்த வேண்டிய வரி பற்று, எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜர் வரவு. இந்த இரண்டு ஆர்சிஎம் கணக்குகளையும் விற்பனை வரிக் கணக்கோடு கலக்காமல் தனியாக வையுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

வரி கட்டும் ரிட்டர்னான GSTR-3Bயின் 3.1(d)இல் 25,000உம் வரியும் போகும். அதே வரி 4(A)(3)இல் கிரெடிட்டாக, அதாவது விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக வரும். விற்பனைக்கான GSTR-1இல் 4B என்ற அட்டவணையைப் பார்த்து அங்கே போட்டுவிடாதீர்கள், அது ஆர்சிஎம் சேவையை விற்பவருக்கானது. வாங்கும் உங்களுக்கு GSTR-1இல் இருப்பது 13ஆம் அட்டவணையில் செல்ஃப் இன்வாய்ஸ்களின் வரிசை எண்கள் மட்டும்.

கட்டிய அதே மாதத்தில் கிரெடிட் வருகிறதே, அப்புறம் ஏன் இந்தச் சுற்று என்று தோன்றும். சிக்கல் பணத்தில்தான். ஆர்சிஎம் வரியை, கையில் எவ்வளவு கிரெடிட் இருந்தாலும், பணமாகத்தான் கட்ட வேண்டும். அந்த மாத விற்பனை வரி 30,000, மற்ற கொள்முதல் கிரெடிட் 26,000 என்று வையுங்கள். ஆர்சிஎம் இல்லையென்றால் 4,000 கட்டி முடித்திருப்பீர்கள். இப்போது 4,500 பணமாகப் போகிறது. கிரெடிட் 30,500 ஆகிறது. விற்பனை வரி முழுவதும் அதில் கழிந்து 500 அடுத்த மாதத்துக்கு நிற்கிறது. அதாவது கூடுதலாக முடங்குவது 500 மட்டும். ஆனால் ஏற்கெனவே கிரெடிட் குவிந்து கிடக்கும் நிறுவனத்துக்கு மாதா மாதம் 4,500 முழுவதும் முடங்கும். வரிவிலக்குள்ள சேவை மட்டும் தருபவருக்கோ, கிரெடிட் இல்லாமல் 5 சதவீதம் கட்டும் ஹோட்டலுக்கோ அது திரும்பவே வராது. அவர்கள் வரியையும் செலவில் சேர்த்து வாடகையை 29,500 என்று எழுத வேண்டியதுதான். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களை மட்டும் 2025 ஜனவரி 16 முதல் இந்த வாடகை ஆர்சிஎம்மிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

தவறு எங்கே நடக்கும் என்றால், பெரும்பாலும் GSTR-2Bயை ஒப்பிடும்போது. விற்பவர்கள் தாக்கல் செய்ததை வைத்து உங்களுக்கு வர வேண்டிய கிரெடிட்டைக் காட்டும் பட்டியல் அது. பதிவில்லாத ஓனர் எதையும் தாக்கல் செய்வதில்லை, அதனால் அவருடைய வாடகை 2Bயில் வராது. 2Bயை மட்டும் பார்த்து ரிட்டர்ன் போடுபவர் வரியையும் கிரெடிட்டையும் சேர்த்தே விட்டுவிடுவார். சிலர் 3.1(d)இல் வரியைக் கட்டிவிட்டு, 2Bயில் இல்லையே என்று கிரெடிட்டை மட்டும் விடுவார்கள். அது கையில் இருந்து போகும் பணம்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆண்டு முடிவில் வாடகை லெட்ஜரின் மொத்தத்தை 18 சதவீதத்தால் பெருக்குங்கள். 12 மாதத்துக்கு 3,00,000 என்றால் 54,000. தனியாக வைத்த ஆர்சிஎம் செலுத்த வேண்டிய கணக்கின் வரவும், 12 ரிட்டர்ன்களின் 3.1(d) வரியும் அதே தொகை காட்ட வேண்டும். மார்ச் 31இல் அந்தக் கணக்கில் மார்ச் மாதத்து 4,500 மட்டும் மீதி நிற்கும். 9,000 நின்றால் ஏதோ ஒரு மாதம் கட்டவில்லை.

விட்டுப்போனது தெரிந்தால் உடனே செல்ஃப் இன்வாய்ஸ் எழுதி, வரியை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியுடன் கட்டிவிடுங்கள். ஒரு மாத வாடகை ஓராண்டு தாமதமானால் வட்டி 810 ரூபாய். தாமதத்துக்கு அபராதமும் வரலாம். ஆனால் கிரெடிட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். 2024 ஜூன் 26 தேதியிட்ட 211 எண் சுற்றறிக்கைப்படி, பதிவில்லாதவரிடம் வாங்கியதற்குக் கிரெடிட் கால வரம்பைக் கணக்கிடுவது செல்ஃப் இன்வாய்ஸ் எழுதிய நிதியாண்டை வைத்துத்தான், வாடகை எந்த ஆண்டுடையது என்பதை வைத்து அல்ல.