பொதுக்குழு அழைப்பும் ப்ராக்ஸியும்: கேள்வி பதில்

கேள்வி: சங்கச் செயலாளர் பொறுப்புக்குப் புதிது. பொதுக்குழுக் கூட்டம் ஜூன் 28. சங்க விதிகளான பைலாவில் ‘முழுதாக 21 நாள் முன்னறிவிப்பு’ என்று இருக்கிறது. 7-ஆம் தேதி அழைப்பு அனுப்பினால் போதும்தானே?

போதாது. ‘முழுதாக’ என்று இருந்தால், பொதுவாக அழைப்பு சேர்ந்த நாளையும் கூட்ட நாளையும் விட்டுவிட்டுத்தான் எண்ணுவார்கள். 7 முதல் 27 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 21. ஆக, 6-ஆம் தேதியே அழைப்பு சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்டு 2 நாள் கழித்துச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று பைலா சொன்னால், 4-ஆம் தேதியே போட்டாக வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும், வாக்கெடுப்பில் தோற்றவர் கூட்டமே செல்லாது என்று கிளம்ப இடம் கொடுத்துவிடும். இடத்தை எழுதும்போது கட்டடம், மாடி, அறை, பதிவு தொடங்கும் நேரம் எல்லாம் வரட்டும்.

கேள்வி: நிர்வாகக் குழுவில் ப்ராக்ஸி, அதாவது நமக்காக வாக்களிக்கப் பதிலாள் ஒருவருக்கு எழுதித் தரும் அதிகாரம், செல்லாது என்பார்களே! அப்புறம் பொதுக்குழு அழைப்போடு குழு உறுப்பினர்களுக்கு எதற்கு ப்ராக்ஸி படிவம்?

நீங்கள் சொல்வது பாதி சரி. குழுக் கூட்டத்தில் முடிவெடுப்பது அவரவர் தலையில் இருக்கும் பொறுப்பு, அதை இன்னொருவரிடம் ஒப்படைக்கப் பெரும்பாலும் அனுமதி இல்லை. பொதுக்குழுவில் அவர் வாக்களிப்பது சங்க உறுப்பினர் என்ற முறையில். பைலா இடம் கொடுத்தால் மற்றவர்களைப் போல அவரும் ப்ராக்ஸி தரலாம். குழுவில் இருந்தும் சங்க உறுப்பினராக இல்லாதவருக்கு அழைப்பு மட்டும் போகட்டும், படிவம் வேண்டாம்.

கேள்வி: தணிக்கையாளர் நியமனத்தை எதிர்க்க நினைத்தேன். கையெழுத்து மட்டும் போட்டுப் படிவத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். வாக்கு ஆதரவாகப் போய்விட்டது! இது மோசடிதானே?

மோசடி என்று சொல்ல முடியாது. கட்டங்களைக் காலியாக விட்டால், ‘உங்கள் விருப்பம்போல் போடுங்கள்’ என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். படிவத்தை அமைத்தவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நிகழ்ச்சி நிரலில் உள்ள அதே எண்ணோடு இப்படி அச்சடித்திருந்தால் குழப்பமே வந்திருக்காது:

‘4. தணிக்கையாளர் நியமனம்: ஆதரவு ☐ எதிர்ப்பு ☐ வாக்களிக்கவில்லை ☐. எதையும் குறிக்காவிட்டால் பதிலாள் தன் விருப்பப்படி வாக்களிப்பார்.’

இதற்குக் கீழே படிவம் யாரிடம், எந்த நாள், எத்தனை மணிக்குள் சேர வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். ‘கூட்டத்துக்கு முன்’ என்று மொட்டையாக எழுதினால் வாசலில் வந்து நீட்டுவார்கள். தீர்மானத்தில் மேடையிலேயே திருத்தம் வந்தால் பதிலாள் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி சேர்க்கலாம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ப்ராக்ஸியும் கொடுத்துவிட்டு நானும் வந்தால் எனக்கு இரண்டு வாக்கா?

ஆசைதான்! ஒன்றுதான். பெரும்பாலான பைலாக்களில் நீங்கள் நேரில் வாக்களித்ததும் ப்ராக்ஸி ரத்தாகிவிடும். பதிவு மேசையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பட்டியலில் அடித்துவிடுவார்கள்.

கேள்வி: கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, எண்ணும்போது ப்ராக்ஸியைச் சேர்க்கலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. சில பைலாக்கள் ஏற்கும், சில நேரில் இருப்பவர்களை மட்டும் எண்ணச் சொல்லும். உங்களுடையது எதுவும் சொல்லவில்லை என்றால் ப்ராக்ஸி இல்லாமலேயே கோரம் சேரப் பாருங்கள்.