வைரஸ், பரிசு என்று மிரட்டும் பிரவுசர் அறிவிப்புகளை நிறுத்துவது எப்படி?

கேள்வி: "அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் 'உங்கள் போனில் 5 வைரஸ்கள் உள்ளன', 'நீங்கள் பரிசு வென்றுள்ளீர்கள்' என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. ஹிஸ்டரியை அழித்தும் நிற்கவில்லை. போனை ரீசெட் செய்துவிடலாமா?"

ரீசெட் வேண்டாம். போனில் வைரஸ் எதுவும் இல்லாமலேயே இப்படி வரும். ஏதோ ஓர் இணையதளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் அனுமதி, தெரியாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றால் போதும்.

சென்ற ஆண்டு என் அத்தையின் போனிலும் இதே தொல்லை இருந்தது. ஒரு பழைய பக்திப் பாடலைப் பதிவிறக்கத் தேடியபோது, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் பக்கம் ஒன்று திறந்ததாகவும், "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய Allow-ஐ அழுத்தவும்" என்று அதில் எழுதியிருந்ததாகவும் அவர் நினைவுகூர்ந்தார். சோதனை என்று அந்தப் பக்கத்தில் ஒன்றுமே கிடையாது. அங்கே தெரியும் Allow பொத்தான், அறிவிப்பு அனுப்பலாமா என்று குரோம் பிரவுசர் கேட்கும் பெட்டியில் உள்ளது. அதை அழுத்த வைப்பதற்காகத்தான் ரோபோ கதை. Block-ஐ அழுத்தினால் சில பக்கங்கள் சற்றே மாறிய வேறொரு முகவரிக்கு நம்மைத் தள்ளி, அங்கே மீண்டும் கேட்கும். ஒரு முகவரிக்குக் கொடுத்த மறுப்பு இன்னொரு முகவரியைக் கட்டுப்படுத்தாது என்பதை அறிந்தே அவ்வாறு செய்கிறார்கள். அத்தையின் போனில் ஒரே மாதிரியான பெயர்களில் நான்கு முகவரிகள் அனுமதி பெற்றிருந்ததற்கு அதுவே காரணம்.

அனுமதி கிடைத்ததும், அந்தத் தளம் பிரவுசருக்குள் ஒரு சிறிய நிரலைப் பதித்து வைக்கிறது. தளத்தை மூடிவிட்டாலும், மறுபடி அதன் பக்கமே போகாவிட்டாலும், அவர்கள் அனுப்பும் செய்தி குரோம் வழியாக வந்து, வாட்ஸ்அப் செய்தி வரும் அதே இடத்தில் தோன்றும். அதனால்தான் அதைப் போனே சொல்வதாக நம்பிவிடுகிறோம். அனுமதிகள் தனிப் பட்டியலில் இருப்பதால், பார்த்த பக்கங்களின் ஹிஸ்டரியை மட்டும் அழித்தால் அவை போவதில்லை.

முதலில் இது அந்த வகைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது அதைத் தொட்டுத் திறக்காமல், மேலே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். Chrome என்ற பெயரும் அதன் அருகே ஓர் இணைய முகவரியும் இருந்தால், நாம் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான். செய்திக்குள் பச்சை நிறக் கேடயமோ, பிரபலமான ஆண்டிவைரஸின் சின்னமோ இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். படத்தையும் எழுத்தையும் அனுப்புகிறவர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், முகவரியை மட்டும் மாற்ற முடியாது. அதற்கு மாறாக, எந்தப் பிரவுசரும் திறக்காதபோதே திரை முழுவதையும் மறைத்து விளம்பரம் வந்தால், அது அண்மையில் நிறுவிய ஏதோ ஒரு செயலியின் வேலை. கீழே சொல்லும் வழி அதற்குப் பயன்படாது, அந்தச் செயலியைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அறிவிப்பின் அடியில் பொத்தான்களை வைக்கவும் அவற்றுக்குப் பெயரிடவும் அனுப்பும் தளத்துக்கு வசதி இருக்கிறது. "மூடு" என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் பரிசுப் பக்கம் திறக்கலாம். அத்தை மூன்று நாள் அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார். புதிய குரோமில் Unsubscribe என்ற உண்மையான பொத்தானும் வருகிறது என்றாலும், எது குரோமுடையது, எது அவர்களுடையது என்று அம்மாவால் பிரித்தறிய முடியாது என்பதால், அறிவிப்பை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அமைப்புகளுக்குள் போய்ச் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

குரோமைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Settings, அதனுள் Site settings, அதனுள் Notifications என்று செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அறிவிப்பில் பார்த்த முகவரியைத் தேடித் தொட்டு, அதன் அனுமதியை Block என்று மாற்றுங்கள். பட்டியலில் நீங்கள் அறியாத, எழுத்துகளை அள்ளித் தெளித்தாற்போன்ற பெயர்கள் வேறு இருந்தால் அவற்றுக்கும் அப்படியே செய்யுங்கள். ஒன்றை மட்டும் தடுத்துவிட்டு வந்தால், மறுநாள் அடுத்த முகவரியிலிருந்து அதே வைரஸ் செய்தி வரும். அப்போதுதான் பலர் "இது சரியாகாது" என்று முடிவுகட்டி ரீசெட்டுக்குப் போகிறார்கள்.

அதே பக்கத்தின் மேலே, தளங்கள் அனுமதி கேட்கவே கூடாது என்று அணைத்துவைக்கும் பொதுவான சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அம்மா எந்தத் தளத்தின் அறிவிப்பையும் எதிர்பார்ப்பவர் இல்லையென்றால் அதை அணைத்துவிடுங்கள். ஆனால் அந்தச் சுவிட்ச் இனி கேட்கவிருக்கும் தளங்களைத்தான் தடுக்கும். ஏற்கெனவே அனுமதி வாங்கிய தளங்களை அது தொடாது. ஆகவே பட்டியலைச் சுத்தம் செய்வதும் சுவிட்சை அணைப்பதும் இரண்டுமே தேவை.

கம்ப்யூட்டரில் வந்தால், குரோமின் முகவரிப் பட்டையில் பின்வருவதைத் தட்டச்சு செய்தால் நேராக அந்தப் பட்டியலுக்கே போய்விடலாம்.

```
chrome://settings/content/notifications
```

அங்கே ஒவ்வொரு முகவரிக்கும் அருகே உள்ள மூன்று புள்ளிகளில் Block, Remove என்று இரண்டும் இருக்கும். Remove செய்தால் பட்டியலிலிருந்து பெயர் மறையும், ஆனால் அந்தத் தளம் மறுபடி அனுமதி கேட்கலாம். Block செய்தால் கேட்கவும் முடியாது. சந்தேகத்துக்குரிய தளங்களுக்கு Block-தான் சரி. எட்ஜ் பிரவுசரில் chrome என்ற சொல்லுக்குப் பதில் edge என்று போடுங்கள். ஃபயர்பாக்ஸில் Settings, Privacy & Security என்று போய், Permissions பகுதியில் Notifications-க்கு எதிரே உள்ள Settings-ஐ அழுத்த வேண்டும். ஒரே கருவியில் இரண்டு பிரவுசர்கள் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

இதுவரை வந்த அறிவிப்புகளை அம்மா தொட்டுத் திறந்தாரா என்று மெதுவாகக் கேளுங்கள், திட்டினால் மறைத்துவிடுவார். இணையப் பக்கம் ஒன்றால் போனைத் துழாவி வைரஸ் தேட இயலாது. அங்கே ஓடும் சதவீதக் கணக்கு வெறும் அசைபடம். ஊர்ப் பெயர் சரியாக வருவது கண்டு அவர் பயந்திருக்கலாம், ஆனால் அது இணைய இணைப்பின் எண்ணைக் கொண்டு எந்தத் தளமும் ஊகிக்கக்கூடியதே. திறந்து பார்த்து மூடியதோடு நின்றிருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. "சுத்தம் செய்யும்" செயலி எதையாவது நிறுவியிருந்தால் அதை நீக்குங்கள். பரிசை அனுப்பக் கட்டணம் என்று கார்டு எண்ணையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், அனுமதியை நீக்குவதற்கு முன்பே வங்கியை அழைத்து கார்டை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

அத்தையின் போனில் நான்கு முகவரிகளையும் தடுத்து, சுவிட்சையும் அணைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் மாலை அழைத்து, "ஒண்ணுமே வரலையே, போன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.