கூற்று சரி, காரணமும் சரி. அப்புறம் ஏன் விடை தப்பு?

"அரசியல் அறிவியல்ல கூற்று, காரணம் ரெண்டும் சரின்னு தெரியுது. காரணம் கூற்றை விளக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? குன்னூர்ல பிளஸ் டூ படிக்கிறேன்."

உங்க தொகுதியையே எடுத்துக்கலாம் தம்பி.

கூற்று: நீலகிரி மக்களவைத் தொகுதியில் பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிட முடியும்.
காரணம்: தனித்தொகுதியில் எல்லாச் சமூக வாக்காளர்களும் வாக்களிக்கலாம்.

முதல்ல காரணத்தைக் கையால மறைச்சுட்டு கூற்றை மட்டும் பாருங்க. 2009 தேர்தல்லேர்ந்து நீலகிரி தனித்தொகுதி, அதனால சரி. இங்கே தோடர், கோத்தர் இருக்காங்களேன்னு பழங்குடியினர் தொகுதியா நினைச்சு இங்கேயே சறுக்குறவங்க உண்டு.

அடுத்து கூற்றை மறைச்சுட்டு காரணத்தைப் பாருங்க. ஒதுக்கீடு வேட்பாளருக்குத்தான், வாக்காளருக்கு இல்லை. இதுவும் சரி.

இப்போ "ஏனென்றால்" போட்டு ரெண்டையும் சேர்த்துப் படிங்க. 'பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்க முடியும், ஏனென்றால் எல்லாரும் வாக்களிக்கலாம்.' ஒட்டலை இல்லையா? பொதுத்தொகுதியிலும் எல்லாரும்தான் வாக்களிக்கிறாங்க, அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லையே. ஆக ரெண்டும் சரி, ஆனா விளக்கம் இல்லை. ஒரே தலைப்பைப் பேசுறதாலதான் பலர் விளக்கம்னு குறிச்சுடறாங்க.

காரணம் இப்படி இருந்தா விளக்கமாகும்: '330-வது உறுப்பின்படி பட்டியல் சாதியினருக்கு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன, தொகுதி மறுவரையறையில் நீலகிரி அவற்றில் ஒன்றாக்கப்பட்டது.' இதை நீக்கினா கூற்றே நிற்காது.

காரணத்துல "பட்டியல் சாதியினர் மட்டுமே வாக்களிக்கலாம்"னு மாத்தியிருந்தா அது தவறு. அது தனி வாக்காளர் தொகுதி முறை. பட்டியல் சாதியினர் விஷயத்துல 1932 பூனா ஒப்பந்தத்தோட கைவிடப்பட்டது.