தேர்வறையை விட்டு 15 நிமிடம்: பேனிக் டிஸார்டர் உள்ள பிள்ளைக்காகப் பள்ளிக்குக் கடிதம் எழுதும்போது

வணக்கம் அம்மா,

நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதத்தைப் படித்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும், பேனிக் டிஸார்டருக்குச் சிகிச்சை பெறும் மகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும், தனி அறை வேண்டும், முடிந்தால் வீட்டிலிருந்தே எழுத விட வேண்டும் என்று மூன்று பக்கத்துக்குக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தை இப்படியே கொடுக்க வேண்டாம். தலைமையாசிரியர் தன் கையெழுத்தில் எளிதாகச் செய்து தரக்கூடியது எதுவும் இதில் இல்லை.

முதலில், போன மாதம் அவள் எழுதிய கணக்குத் தேர்வில் நடந்ததைப் பார்ப்போம். தேர்வு தொடங்கி 40 நிமிடம் வரை எழுதியிருக்கிறாள். பிறகு நெஞ்சு படபடத்து, கை மரத்து, "மூச்சு கிட்டமாட்டேங்குது" என்று எழுந்து வெளியே ஓடியிருக்கிறாள். கால் மணி நேரத்தில் சரியாகியும் விட்டது. திரும்பி வந்தவளை அறைக்குள் விடவில்லை. அவளுக்கு மதிப்பெண் போனதற்கு நேரக்குறைவு காரணமில்லை. வெளியே போனவள் உள்ளே வர வழி இல்லாமல் போனதுதான் காரணம். பேனிக் அட்டாக் பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 20, 30 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இந்த நோயில் அட்டாக்கைவிட அதிகம் வதைப்பது, 'மறுபடி வந்தால் இங்கிருந்து எப்படி வெளியே போவேன்' என்ற பயம். எழுந்து போகலாம், திரும்பி வந்து எழுதலாம் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தாலே பல பிள்ளைகளுக்கு அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

அதனால் கடிதத்தின் மையக் கோரிக்கை இது ஒன்றுதான்: அட்டாக் வந்தால் 15 நிமிடம் வரை வெளியே போய்வர அனுமதியும், அப்படிப் போன நிமிடங்களைத் தேர்வின் கடைசியில் திருப்பிக் கொடுப்பதும். காலை 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடியும் தேர்வில் 10.50-க்கு வெளியே போய் 11.05-க்குத் திரும்பினால், அவள் 1.15 வரை எழுதுவாள். அட்டாக் வராத நாளில் மற்ற பிள்ளைகளோடு 1 மணிக்கே தாளைக் கொடுத்துவிடுவாள். இதில் யாருக்கும் கூடுதல் சலுகை கொடுத்ததாக ஆகாது என்பதால் பள்ளியும் தயங்காது.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சிறியவை. கதவை ஒட்டிய வரிசையில் இடம், தண்ணீர் பாட்டில், மருத்துவர் எழுதிய மாத்திரை இருந்தால், அட்டையோடும் சீட்டின் நகலோடும் அறைக் கண்காணிப்பாளர் மேசையில் வைக்க அனுமதி, வெளியே வரும்போது கூட நிற்க அவளுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை. வீட்டிலிருந்து எழுதுவதைக் கேட்காதீர்கள். பயந்த இடத்தை விட்டு விலக விலக, அந்த இடத்தின் மேல் பயம் கூடும் என்பது இந்த நோயின் இயல்பு. தனி அறையையும் மருத்துவரே சொன்னால் மட்டும் கேளுங்கள்.

அடுத்தது மருத்துவச் சான்று. நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். ஏற்கெனவே தனியாரிடம் பார்ப்பதாக இருந்தால், பதிவு பெற்ற மனநல மருத்துவராக இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு, இதயத் துடிப்புக் கோளாறு போன்றவையும் இதே மாதிரி படபடப்பைக் கொடுக்கும் என்பதால், அந்தப் பரிசோதனைகள் முடிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பெரும்பாலான கடிதங்கள் தோற்பது இந்தச் சான்றில்தான். 'பேனிக் டிஸார்டர், ஓய்வு தேவை' என்று ஒரு வரி இருந்தால், பள்ளி அதை மருத்துவ விடுப்பாக எடுத்துக்கொண்டு 'தேர்வு எழுத வேண்டாம்' என்று சொல்லிவிடும். 'தேர்வு பயம்' என்று எழுதியிருந்தாலோ, 'எல்லாப் பிள்ளைக்கும் இருப்பதுதானே' என்று திரும்பி வந்துவிடும். நோயின் பெயர், எப்போதிலிருந்து சிகிச்சை, அட்டாக் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அந்த நேரத்தில் எழுத முடியாது என்பது, 15 நிமிட இடைவேளையும் அதற்கு ஈடான நேரமும் பரிந்துரைக்கப்படுகிறது என்பது, இடைவேளைக்குப் பிறகு தேர்வைத் தொடரத் தகுதியானவர் என்பது. இத்தனையும் இருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பள்ளி உள்ளுக்குள் பயப்படுவதும் அதைப் பற்றித்தான்: 'திரும்ப உட்கார வைத்து ஏதாவது ஆகிவிட்டால்?' மருத்துவர் அவசரத்தில் இருப்பார். கேட்க வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

இனி கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் பெறுநர் தலைமையாசிரியர்; தாளாளருக்கு ஒரு நகல் போதும்.

"பொருள்: உள்தேர்வுகளில் இடைவேளை அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம். தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் பயிலும் என் மகள் பேனிக் டிஸார்டர் என்னும் நோய்க்கு மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவருகிறாள். மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. கடந்த மாதக் கணக்குத் தேர்வின்போது இந்நோயின் தாக்கம் ஏற்பட்டு வெளியே வந்தவளால் தேர்வைத் தொடர முடியாமல் போயிற்று.

காலாண்டு, அரையாண்டு மற்றும் திருப்புதல் தேர்வுகளில், தாக்கம் ஏற்படும்போது 15 நிமிடம் வரை அறைக்கு வெளியே சென்றுவரவும், சென்ற நேரத்தை மட்டும் தேர்வு முடிவில் ஈடு செய்யவும், கதவருகே இருக்கை ஒதுக்கவும், தண்ணீரும் மருந்தும் அறையில் வைத்திருக்கவும் அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். வெளியே இருக்கும் நேரம் முழுவதும் ஓர் ஆசிரியரின் பார்வையில் இருக்க எங்களுக்குச் சம்மதம். அவள் வெளியே சென்ற நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் அறைக் கண்காணிப்பாளர் குறித்து ஒப்பமிட்டால் உதவியாக இருக்கும்.

இவ்விவரம் சம்பந்தப்பட்ட ஆசிரியர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமானது எனக் கேட்டுக்கொள்கிறேன்."

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் தனிப்பட்ட தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. தேர்வு முறையில் மாற்றம் செய்வதைப் பற்றியும் அதன் 17-ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் மனநோய் வாழ்க்கையைப் பெரிதும் முடக்கும்போதுதான் அது அந்தச் சட்டத்தின் கீழ் ஊனமாகக் கணக்காகும். 40 சதவீத ஊனச் சான்று எல்லா பேனிக் நோயாளிக்கும் கிடைக்காது. அந்தச் சதவீதம் இல்லை என்பதற்காக மட்டும் வசதியை மறுக்கக்கூடாது என்று, கையால் எழுதுவதில் கோளாறு உள்ள ஒரு தேர்வர், சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்ட வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவற்றை முதல் கடிதத்தில் எழுதாதீர்கள். முதலிலேயே சட்டம் பேசினால், கூட நிற்க வேண்டிய ஆசிரியர் எதிரில் நிற்பார். எழுத்தில் மறுப்பு வந்தால் அப்போது எடுக்கலாம்.

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "சரி, பாத்துக்கலாம்" என்ற வாய்ப்பேச்சு, தேர்வன்று வேறு ஆசிரியர் கண்காணிப்புக்கு வந்தால் செல்லாது.

அந்த நேரக்குறிப்பை ஏன் கேட்கச் சொன்னேன் என்றால், பொதுத்தேர்வு தலைமையாசிரியர் கையில் இல்லை. அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்துடையது. காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, படிக்க 10 நிமிடம், விவரம் பூர்த்தி செய்ய 5 நிமிடம் போக, 10.15 முதல் 1.15 வரை எழுதும் தேர்வு அது. உத்தரவில் இல்லாத ஒரு நிமிடத்தைக்கூட மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரால் கொடுக்க முடியாது. கோரிக்கை பள்ளி வழியாக, நாகர்கோவிலில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம் மூலம் போக வேண்டும். அங்கே மாற்றுத்திறனாளி தேர்வர்களுக்கென்று வழக்கமாக உள்ள சலுகைகள் ஒரு மணி நேரக் கூடுதல், சொல்வதை எழுதுபவர் போன்றவை. இடைவேளைக்கு ஈடான நேரம் என்பது அந்தப் பட்டியலில் எளிதில் பொருந்தாது. 'காலாண்டில் இரண்டு முறை வெளியே போனாள், 12 நிமிடம், 15 நிமிடம், திரும்பி வந்து முழுத்தாளும் எழுதினாள்' என்று கையொப்பத்தோடு இருக்கும் தாள்தான் அப்போது உங்களுக்காகப் பேசும். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, அரையாண்டுக்குக் காத்திருக்காமல், புதிய மருத்துவச் சான்றோடு இரண்டாவது கடிதத்தைக் கொடுங்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் ஆசிரியரிடம் கடைசித் தேதியையும் கேட்டு வையுங்கள். உத்தரவு வராமலே போகலாம் என்பதையும் மனதில் வைத்து, மருத்துவரிடம் மூச்சுப் பயிற்சியையும் அட்டாக் வரும்போது இருக்கையிலேயே சமாளிக்கும் முறையையும் இப்போதே கற்றுக்கொள்ளட்டும்.

கூட நிற்கும் ஆசிரியைக்கும் ஒரு சிறு குறிப்பு கொடுத்துவிடுங்கள். சுற்றிக் கூட்டம் கூட வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம், காகிதப் பையை மூக்கில் வைக்க வேண்டாம். வராந்தாவில் மெதுவாக நடக்க விட்டு, மூச்சை நிதானமாக வெளியே விடச் சொன்னால் போதும். மயக்கம் போட்டாலோ, வழக்கத்துக்கு மாறான நெஞ்சுவலி வந்தாலோ அது பேனிக் என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாத்திரையைப் பற்றி ஒன்று. சில மாத்திரைகள் தூக்கத்தையும் மந்தத்தையும் கொடுக்கும். தேர்வன்று முதல்முறையாக எதையும் போடக்கூடாது. மருத்துவரிடம் கேட்டு ஒரு விடுமுறை நாளில் போட்டு, மூன்று மணி நேரம் மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கட்டும். காலையில் கண் விழிக்கக் குடிக்கும் கட்டன் காப்பியும் படபடப்பைக் கிளப்பும். தேர்வு வாரத்தில் நிறுத்திவிடுங்கள்.

இந்தக் கடிதம் பின்னால் நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கு உதவுமா என்று கேட்டீர்கள். உதவாது. அவற்றுக்குத் தனி விதியும் தனிச் சான்றும் உண்டு. ஆனாலும் முத்திரையிட்ட நகல், நேரக்குறிப்புத் தாள்கள், எல்லா மருத்துவச் சான்றுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் தேதி வரிசையில் வையுங்கள். பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி மாறினால், சேர்க்கை வாரத்திலேயே இந்தக் கோப்போடு புதிய தலைமையாசிரியரைப் பாருங்கள்.