ஒட்டும் பல் நிற்குமா? ராவுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஆறு மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில், மேல் வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல் வேரோடு போய்விட்டது. இப்போது கழற்றி மாட்டும் பல் போட்டிருக்கிறாள். ஒரு மருத்துவர் இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி மூன்று பல் பிரிட்ஜ் போடலாம், 15 ஆண்டு வாரண்டி உண்டு என்கிறார். இன்னொருவர், ராவாமல் பின்பக்கம் ஒட்டும் பிரிட்ஜே போதும் என்கிறார். ஒட்டியது நிற்குமா?

பதில்: நிற்கும். உங்கள் மகளின் வயதுக்கு நான் முதலில் யோசிப்பதும் அதைத்தான். ஆனால் ஒட்டுபவர் அவசரக்காரராக இருந்தால் ஆறு மாதத்தில் கையோடு வந்துவிடும்.

செயற்கைப் பல்லோடு சேர்த்து, பின்பக்கமாக மெல்லிய இறக்கை ஒன்றைச் செய்வார்கள். அந்த இறக்கை பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் பசையால் ஒட்டப்படும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்துப் பல்லில் எனாமலை லேசாகத் தொடுவார்கள், சில நேரம் அதுகூட வேண்டியதில்லை. மூன்று பல் பிரிட்ஜுக்கோ, முழுசாக இருக்கும் இரண்டு பற்களின் மேற்பகுதியில் பாதிக்கும் மேல் ராவி எறிய வேண்டும். பத்தொன்பது வயதில் பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் அறை பெரிதாக இருக்கும். ராவும்போது அதற்கு மிக அருகில் போய்விடுவதால், சில ஆண்டுகளில் அந்தப் பல்லுக்கும் வேர் சிகிச்சை தேவைப்படலாம். ராவிய எனாமல் திரும்ப வளராது.

இம்பிளாண்ட் போடச் சொல்லியும் யாராவது வருவார்கள். இந்த வயதில் வேண்டாம். தாடையும் பற்களும் இருபது வயதுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். எலும்பில் திருகிய இம்பிளாண்ட் மட்டும் அதே இடத்தில் நின்றுவிடும். சில ஆண்டுகள் கழித்து அந்த ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட மேலேறிக் குட்டையாகத் தெரியும்.

இனி, ஒட்டும் பிரிட்ஜில் நடக்கும் முதல் தவறு. பல மருத்துவர்கள் இன்னமும் இருபக்கமும் இறக்கை வைக்கிறார்கள். இரண்டு பிடி என்றால் உறுதி அதிகம் என்பது அவர்கள் கணக்கு. உண்மை நேர் எதிர். கடிக்கும்போது ஒவ்வொரு பல்லும் கண்ணுக்குத் தெரியாத அளவில் தன் திசையில் அசையும். ஒரே நுகத்தடியில் பூட்டி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் மாடுகளைப் போல, இரண்டில் ஒரு ஒட்டு விட்டுக்கொடுக்கும். மறுபக்க இறக்கை பிடித்துக்கொண்டிருப்பதால் பிரிட்ஜ் விழாது, நோயாளிக்கும் தெரியாது. விட்டுப்போன இறக்கைக்கு அடியில் உணவு போய்ச் சேர்ந்து சொத்தை அரிக்கும். ஒற்றை இறக்கை அப்படி ஏமாற்றாது. பல்லோடு சேர்ந்தே அசையும், விட்டால் முழுதாகக் கழன்றுவிடும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் கெர்ன் குழுவினர், சிர்கோனியா என்னும் உறுதியான பீங்கானில் செய்த ஒற்றை இறக்கை பிரிட்ஜ்களைப் பத்தாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலானவை நின்றிருக்கின்றன. நம் ஊரிலோ இதைத் தற்காலிக ஏற்பாடு என்று மாணவப் பருவத்தில் படித்ததோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம்.

ஒட்டும் நாளில் ரப்பர் டேம் என்னும் மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டிப் பல்லைத் தனியே பிரித்து வைக்கிறார்களா என்று பாருங்கள். எனாமலில் அமிலக் களிம்பு தடவி, கழுவி உலர்த்தினால் அந்த இடம் சுண்ணாம்புக்கட்டி போல வெளுக்கும். அந்த வெண்மைதான் ஒட்டுக்கு ஆதாரம். எச்சில் பட்டால் மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இறக்கையின் உட்புறத்தையும் நுண்துகள் வீசிச் சொரசொரப்பாக்கி, சிர்கோனியாவைப் பிடிக்கும் பசையால்தான் ஒட்ட வேண்டும். கேப் போடுகிற சாதாரண சிமெண்டைக் குழைத்து ஒட்டிவிட்டு, “இந்த பிரிட்ஜே இப்படித்தான், கழன்றுகொண்டே இருக்கும்” என்று பழியை பிரிட்ஜ் மேல் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் இது பொருந்துமா என்றால், ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மகளைக் கடைவாய்ப் பற்களைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, உதட்டை விலக்கிப் பாருங்கள். கீழ் முன்பற்களில் எவ்வளவு தெரிகிறது? பாதிக்கு மேல் தெரிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மேல்பற்கள் கீழ்ப்பற்களை முழுக்க மூடி மறைத்தால் அது ஆழ்கடி. கீழ்ப்பல்லின் நுனி மேல்பல்லின் உட்புறத்தில், இறக்கை உட்கார வேண்டிய இடத்திலேயே இடிக்கிறது என்று பொருள். இறக்கைக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். இடமில்லாத இடத்தில் அதைத் திணித்தால் ஒவ்வொரு கடியும் ஒட்டின் மேல் விழும். மருத்துவர் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, கறை எங்கே விழுகிறது என்று பார்ப்பார். இடமில்லையென்றால் முதலில் கம்பி கட்டி இடம் உண்டாக்கலாம். சில மருத்துவர்கள் இறக்கையைச் சற்று உயரமாகவே ஒட்டிவிட்டு, சில மாதங்களில் மற்றப் பற்கள் தாமாக நகர்ந்து கடி பொருந்தும்வரை கண்காணிப்பார்கள். இறக்கையைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்குவது மட்டும் கூடாது. உடையும், இல்லையென்றால் கழன்றுவிடும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவளாக இருந்தால் இரவில் போடும் காப்புத் தட்டும் வேண்டும்.

விபத்தில் பல் போனது என்கிறீர்கள். அப்படியானால் பக்கத்துப் பற்களும் அடி வாங்கியிருக்கலாம். இறக்கை ஒட்டும் பல்லைக் குளிர் வைத்துச் சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே ஒட்ட வேண்டும். பொதுவாகக் கோரைப்பல்லும் நடுப்பல்லும் இதற்கு ஏற்றவை. அடிபட்டது நடுப்பல் என்றால் நான் கோரைப்பல்லைத் தேர்ந்தெடுப்பேன். உலோக இறக்கை நடுப்பல்லின் நுனி வழியே சாம்பல் நிறமாகத் தெரியலாம், சிர்கோனியாவில் அந்தத் தொல்லை குறைவு.

வாரண்டி விவகாரத்துக்கு வருகிறேன். அந்த அட்டை பல்லைச் செய்த லேப் கொடுப்பது. பொதுவாக சிர்கோனியா உடைந்தால் புதிதாகச் செய்து கொடுப்பார்கள், அவ்வளவுதான். ராவிய பல் சொத்தையானாலும், நரம்பு செத்தாலும், ஈறு இறங்கினாலும் அந்த அட்டைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மூன்று பல் பிரிட்ஜ் என்றால் மூன்று யூனிட் கட்டணம், ஒற்றை இறக்கை என்றால் அதைவிடக் குறைவு. பரிந்துரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலவச முகாமில் பல்லைப் பார்த்துவிட்டு “இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி” என்று ஆள் விட்டுத் துரத்தும் இடங்களும் உண்டு. பல்லை ராவும் முடிவை அன்றைக்கே எடுக்க வைப்பவரிடம் மகளை உட்கார வைக்காதீர்கள். கையில் பணம் குறைவென்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் செயற்கைப்பல் பிரிவில் கேளுங்கள். வரிசையில் நிற்க வேண்டும், நான்கு முறை அலைய விடுவார்கள், லேப் செலவைத் தனியாகக் கேட்கக்கூடும். ஆனால் யூனிட் கணக்குப் பார்த்து யாரும் ராவ மாட்டார்கள்.

ஒட்டிய பிறகு கரும்பு, முறுக்கு, பேனா மூடி எதையும் அந்தப் பல்லால் கடிக்க வேண்டாம். அடியில் சின்ன இடைப்பல் தூரிகை விட்டுத் தினமும் சுத்தம் செய்யட்டும். என்றாவது கழன்று வந்தால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். கடையில் விற்கும் உடனடிப் பசையை வைத்து வீட்டில் ஒட்டாதீர்கள். அது உட்புறத்தில் இறுகிவிட்டால் சுரண்டி எடுப்பதற்குள் பொருத்தமே போய்விடும்.

முப்பதை நெருங்கும்போது இம்பிளாண்ட் வேண்டும் என்று தோன்றினால் பிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் பல் போன இடத்தில் எலும்பு மெலிந்திருக்கும், எலும்பு வைத்து நிரப்ப வேண்டியும் வரலாம். ஆனால் பக்கத்துப் பற்கள் இரண்டும் அன்றும் முழுசாக இருக்கும்.